5100-ஆவது பைட் எந்த பிளாக்கில்?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வு நெருங்கினாலே, மாணவர்கள் ஒரே சந்தேகத்தோடு வருகிறார்கள். “கன்டிகுவஸ், லிங்க்டு, இன்டெக்ஸ்டு மூன்றையும் ஒப்பிட்டு எழுதிவிடுகிறோம். கணக்காகக் கேட்டால் மட்டும் மார்க் போகிறது, ஏன்?”

நன்மை தீமைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்வதுதான் காரணம். அடுத்த பிளாக்கின் (டிஸ்க்கில் ஒரே தடவையில் படிக்கப்படும் துண்டு) முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

பிளாக் 512 பைட், பாயின்டர் (அடுத்த பிளாக்கின் முகவரி) 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0-விலிருந்து எண்ணினால் 5100-ஆவது பைட் வேண்டும். கன்டிகுவஸ் முறையில் பிளாக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 5100-ஐ 512-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 492. தொடக்க பிளாக் எண்ணோடு 9-ஐக் கூட்டி, ஒரே தடவை படித்தால் போதும். கோப்பு வளரும்போது பக்கத்தில் இடம் இல்லாமல் போவதுதான் இதன் தொல்லை.

லிங்க்டு முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாயின்டர் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் தகவலுக்கு மிஞ்சுவது 508 பைட். எனவே 508-ஆல் வகுக்க வேண்டும்: ஈவு 10, மீதி 20. 0 முதல் 10 வரை ஒவ்வொன்றாகப் படித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும். மொத்தம் 11 தடவை. பாயின்டர் பிளாக்கின் தொடக்கத்தில் இருந்தால், அந்தப் பைட் 24-ஆவது இடத்தில் இருக்கும். உங்கள் லிங்க்டு விடையிலும் 9, 492 என்று வந்திருந்தால் பாயின்டரைக் கழிக்க மறந்துவிட்டீர்கள். பதற வேண்டாம், வகுத்தலை மட்டும் திருத்துங்கள்.

வினாவில் ‘ஃபேட்’ (பாயின்டர்களைத் தனியே வைத்திருக்கும் அட்டவணை) என்று இருந்தால் கதை மாறும். பிளாக் முழுவதும் தகவலே, மறுபடி 512-தான். அட்டவணை நினைவகத்தில் இருந்தால் சங்கிலியை அங்கேயே தொடரலாம், டிஸ்க்கை ஒரு தடவை தொட்டால் போதும்.

இன்டெக்ஸ்டு முறையில் முகவரிகள் எல்லாம் ஒரு தனி இன்டெக்ஸ் பிளாக்கில் இருக்கின்றன. அதில் 9-ஆவது முகவரியை எடுத்து, அந்த பிளாக்கைப் படிக்கிறோம். இன்டெக்ஸ் பிளாக் நினைவகத்தில் இருந்தால் 1, டிஸ்க்கில் இருந்தால் 2. “எப்போதும் இன்டெக்ஸ்டுதான் சிறந்தது” என்று சீனியர்கள் சொல்லும் குறுக்குவழியை நம்பாதீர்கள். ஒரே பிளாக் அளவுள்ள சிறு கோப்புக்கும் இன்டெக்ஸுக்கென்று ஒரு முழு பிளாக் போகிறது. பெரிய கோப்புக்கோ, 512 பைட்டில் 128 முகவரிகள்தான் அடங்கும் என்பதால் 65,536 பைட்டோடு எல்லை வந்துவிடும். அதற்கு மேல் இரண்டடுக்கு இன்டெக்ஸ் வேண்டும்.

இன்டெக்ஸ் பிளாக் எங்கே இருக்கிறது என்று வினாத்தாளில் சொல்லப்படாவிட்டால், நீங்கள் எதை வைத்துக்கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.