பாடம்: முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கடிதம் எழுதுதல்

வீடுகளில் தங்கி முதியவர்களைப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் ஜப்பானில் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கான உடன்படிக்கையை இலங்கையும் ஜப்பானும் 2019இல் செய்துகொண்டன. பசறையைச் சேர்ந்த ஒரு பெண் எழுதக்கூடிய மாதிரிக் கடிதம் கீழே உள்ளது.

"ஐயா,

எனக்கு வயது 29. முதியோர் பராமரிப்பில் தேசிய தொழிற் தகைமை மட்டம் 3 சான்றிதழ் பெற்றுள்ளேன்.

கொழும்பில் ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த 78 வயது அம்மாவை மூன்று வருடம் பராமரித்தேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். மருந்து கொடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதுவேன். அவருக்கு ஒருமுறைகூடப் படுக்கைப்புண் வரவில்லை.

அவருக்கு மறதி நோயும் இருந்தது. பின்னேரமானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவார். நான் மறுத்துப் பேசாமல், அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டபடி சக்கர நாற்காலியில் முற்றத்தைச் சுற்றி வருவேன். சற்று நேரத்தில் அமைதியாகிவிடுவார்.

அவருடைய மகளும் என் பயிற்சி ஆசிரியரும் என்னைப் பற்றிச் சொல்லச் சம்மதித்துள்ளனர்.

தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசுவேன். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் வாசிப்பேன். ஜப்பான் மொழியில் என்-4 தேர்வில் சித்தியடைந்துள்ளேன்."

இனி இதைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

பயிற்சி: "தாதி" என்ற சொல் கடிதத்தில் இல்லை. தாதியாகப் பதிவு பெறாதவர் அப்படி எழுதினால், சான்றிதழைப் பார்க்கும்போது கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். "பராமரிப்பாளர்" என்பதே சரி. அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், செய்து காட்டி மதிப்பீடு பெற்று இத்தகைமையை அடைய வழி உண்டு. தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள்.

பொறுமை: "எனக்குப் பொறுமை அதிகம்" என்று யாரும் எழுதலாம். பின்னேர அழுகையை எப்படிச் சமாளித்தார் என்பதை வேலை செய்தவரால்தான் எழுத முடியும். நேர்முகத் தேர்விலும் அதையே கேட்பார்கள்.

சிபாரிசு: வேலையை நேரில் கண்டவரே பொருத்தமானவர். ஊர்ப் பெரியவரின் நற்சான்றிதழ் குணத்தைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுக்கும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள்.

மொழி: பேசுவது, வாசிப்பது என்று பிரித்து எழுதுங்கள். ஜப்பானுக்கு என்-4 அல்லது அதற்கு இணையான மொழித் தேர்வு வேண்டும். அத்துடன் பராமரிப்புத் திறன் தேர்வும், பராமரிப்பு வேலைக்கான ஜப்பான் மொழித் தேர்வும் உண்டு. கூட்டி எழுதினால் முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடும்.

கடிதத்தை முகவரிடம் கொடுக்கும் முன், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணில் சரிபாருங்கள். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டாம், பிரதிகளே போதும்.

பயிற்சி: நீங்கள் பராமரித்த ஒருவரை நினைத்து, ஒரு கடினமான நாளில் என்ன செய்தீர்கள் என்று நான்கு வரிகளில் எழுதுங்கள்.