முகாம் பயிற்சிக்கு விடுப்பு: அழைப்பாணையோடு விண்ணப்பிக்க

சிங்கப்பூரில் முழுநேர தேசிய சேவையை முடித்தவர்களுக்கும் முகாம் பயிற்சிக்கு அழைப்பு வரும்; ஆண்டுக்கு 40 நாள் வரை போகலாம். ராணுவத்தினருக்கு வரும் அழைப்பாணை எஸ்.ஏ.எஃப். 100. அதற்கு விடுப்புத் தர வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. அலுவலகத்தில் சிக்கல் வருவதெல்லாம் பெரும்பாலும் விண்ணப்பத்தில்தான்.

1. ஆணை கைக்கு வந்த அன்றே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்புங்கள். மாற்று ஆள் தேட அவர்களுக்கு நாள் கிடைக்கும்.

2. விடுப்பு வகையில் ‘தேசிய சேவை’யைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆண்டு விடுப்பு’ என்று போட்டால் சொந்த விடுப்பு கரையும்.

3. ஆணையில் உள்ள தேதியை அப்படியே எழுதுங்கள். ஷிப்ட் வேலை என்றால் முந்தைய இரவையும் பாருங்கள். திங்கள் காலை 8 மணிக்கு முகாமில் இருக்க வேண்டியவருக்கு ஞாயிறு இரவு ஷிப்ட் போட்டிருந்தால், அவர் தூங்காமலே பயிற்சிக்குப் போக நேரும். அந்த ஷிப்டை மாற்றித் தரும்படி விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

4. ஆணை முழுவதும் தெரியும் கோப்பை இணையுங்கள். பாதி வெட்டுப்பட்ட படத்தில் பெயரோ முடியும் தேதியோ விடுபட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; ஆணையில் சொந்த விவரங்கள் இருக்கின்றன.

5. சம்பளத்தை நிறுவனம் வழக்கம்போல் தந்துவிட்டு அரசிடம் ஈடு பெறுமா, பிடித்துக்கொள்ளுமா என்று முன்பே கேளுங்கள். பிடித்தால் அந்த மாத வாடகைக்கும் தவணைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

6. பயிற்சித் தேதி மாறினால் புதிய ஆணையை அனுப்பி, பழைய விடுப்பை ரத்து செய்யுங்கள்.