காரணம் கேட்டுக் கடிதம் வந்தால்

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட அலுவலகங்களில் கிராணியாகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, வேலை தாமதமானதற்கு நிர்வாகம் விளக்கம் கேட்டால் இப்படிச் செய்யுங்கள்.

1. கடிதத்தை வாங்க மறுக்காதீர்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். அதனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எந்த வேலை, எந்தத் தேதி, பதில் எப்போதுக்குள் என்ற மூன்றையும் அடிக்கோடிடுங்கள். பதிவேடுகளைப் பார்க்க அவகாசம் வேண்டுமென்றால், கெடு முடிவதற்குள் எழுத்திலேயே கேளுங்கள்.

2. ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். செக்ரோல் 3ஆம் தேதி தலைமை அலுவலகம் சேர வேண்டும், 5ஆம் தேதிதான் சேர்ந்தது. நிர்வாகம் பதறுவதில் நியாயம் உண்டு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். ஆகவே, கூலி பிந்தியதா என்பதற்கும் பதிலில் இடம் கொடுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

"செக்ரோலை 3ஆம் தேதி அனுப்ப வேண்டும் என்பதை அறிவேன். 5ஆம் தேதி மாலை 4 மணிக்குத்தான் அனுப்பினேன். இரண்டு பிரிவுகளின் வருகைக் கணக்கு 3ஆம் தேதி மாலை 5 மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன். அதைச் சரிபார்த்து முடிக்க 5ஆம் தேதி மதியம் ஆயிற்று. கணக்கு வரவில்லை என்பதை 3ஆம் தேதி காலையிலேயே தங்களிடம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காதது என் தவறு, வருந்துகிறேன். சம்பளம் 7ஆம் தேதியே வழங்கப்பட்டது. இனி 1ஆம் தேதி மாலைக்குள் கணக்கு வராத பிரிவை அன்றே எழுத்தில் தெரிவிப்பேன்."

கணக்கு பிந்தியது மண்டோரின் பக்கம், சொல்லாமல் இருந்தது கிராணியின் பக்கம். இரண்டும் தனித்தனியாக நிற்பதைப் பாருங்கள். மண்டோரைத் திட்டவில்லை. நேரத்தைச் சொன்னாலே போதும். வருத்தத்தையும் ஒரே முறைதான் சொல்லியிருக்கிறது. பிள்ளைகுட்டிக்காரன், வயிற்றில் அடிக்காதீர்கள் என்று எழுதினால், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும். எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்வதும் ஆபத்துதான். செய்யாததை ஒப்புக்கொண்டு எழுதிய வரியைப் பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

3. உடல்நலம் காரணமென்றால் எம்.சி.யை இணையுங்கள். அது இல்லாத நாளுக்கு நோயைக் காரணம் காட்டாதீர்கள்.

4. கொடுப்பதற்கு முன் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் காட்டுங்கள். உங்கள் நகலில் அலுவலகச் சாப்பும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தவறான நடத்தை என்று தண்டிப்பதற்கு முன் விசாரணை வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு. அங்கே உங்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். விசாரணைக்காக இடைநிறுத்தினால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியும் உங்களுடையது. வேலையிலிருந்தே நீக்கிவிட்டால், 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும்.