எந்தப் பால் எதற்கு ஏற்றது?

குஜராத்தில் தேநீர்க்கடை தொடங்கும் ஒருவர், லிட்டர் 60 ரூபாய்க்குப் பசும்பாலும் 75 ரூபாய்க்கு எருமைப்பாலும் வாங்கலாம் என்று கொள்வோம். எது இலாபம்?

ஒரு லிட்டர் எருமைப்பாலில் ஏறத்தாழ 70 கிராம் கொழுப்பும் 40 கிராம் புரதமும் உண்டு. பசும்பாலில் கொழுப்பு 40 கிராம், புரதம் 33 கிராம். ஆகவே 600 மில்லி எருமைப்பாலுடன் 400 மில்லி நீர் சேர்த்தால், கொழுப்பு 42 கிராம். செலவு 45 ரூபாய். எப்படியும் நீர் சேர்க்கும் தேநீருக்கு இக்கணக்கு இலாபமே. பசும்பால் தேநீருக்கு நிகரான கொழுமையும் கிடைக்கும்.

ஆயின் அதே கலவையைத் தயிருக்கு உறையூற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். நீர் சேர்த்தபின் புரதம் 24 கிராமாகக் குறைந்துவிடுகிறது. தயிரைக் கட்டிநிற்கச் செய்வது கேசின் எனும் புரதமே. அது குறைந்தால் தயிர் தளர்ந்து நீர் பிரியும். நீர் கலவாத எருமைப்பாலே வெட்டியெடுக்கும் பதத்தில் உறையும். பசும்பால் தயிர் சற்று இளகியிருக்கும்.

வெள்ளாட்டுப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலை ஒத்தவையே. எனினும் அதன் கேசின் வகை வேறுபடுவதால் தயிர் இறுகுவதில்லை. அதன் கொழுப்பிலுள்ள சில அமிலங்கள், பால் பழகப் பழக ஆட்டுவாடையை எழுப்பும். தேநீரில் அது தெரியும். கறந்தவுடன் காய்ச்சிப் பருகுவதே அதற்கு ஏற்றது.

எனவே பாலின் விலையை லிட்டரால் மட்டும் ஒப்பிடலாகாது. தேநீருக்குக் கொழுப்பையும் தயிருக்குப் புரதத்தையும் கணக்கிடுதல் வேண்டும்.