கிட்னி களைத்தால் மாத்திரையும் குறையணும்!

அந்த அம்மாவுக்கு வயது 64. பதினைந்து வருஷமாக சர்க்கரை, கூடவே பி.பி. மூன்று மாதம் முன்பு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6. ‘கொஞ்சம்தானே கூடியிருக்கு’ என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் முழங்கால் வலி. மகன் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி வந்து தர, பத்து நாள் போட்டுக்கொண்டார். வலி விட்டது. ஆனால் கால் வீங்கியது, பகலெல்லாம் தூங்கி வழிந்தார், நடந்தால் தள்ளாடினார். ‘வயசாயிடுச்சு, அதான்’ என்றார்கள். மறுபடி டெஸ்ட் எடுத்தால் கிரியாட்டினின் 2.4!

முதலில் அந்த 1.6-ஐப் பார்ப்போம். 30 வயது ஆணுக்கு இதே 1.6 வந்தால் அவர் கிட்னியின் வடிகட்டும் திறன் 59. நம்ம அம்மாவுக்கோ 36-தான்! வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த எண்ணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். சரியாக இருந்தால் 90-க்கு மேல் இருக்கும். பல லேப் ரிப்போர்ட்டுகளில் கிரியாட்டினினுக்குக் கீழேயே அச்சிட்டிருப்பார்கள். மாத்திரை அளவை முடிவு செய்ய டாக்டர் பார்ப்பது இந்த மாதிரி எண்ணைத்தான்.

சரி, வலி மாத்திரை என்ன செய்தது? கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடைக்கு உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் வடியும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிடும். அந்த அம்மா பி.பி.க்குச் சாப்பிடும் லோசார்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். கூடவே நீர் பிரியும் மாத்திரை வேறு, உடம்பில் நீரைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் சல்லடையில் அழுத்தம் எங்கே இருக்கும்? லோசார்டான் தனியாக இருந்தால் கிட்னிக்கு நல்லதே செய்யும். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெளியேற வேண்டியது வலி மாத்திரைதான். ‘மாத்திரை வேண்டாம், ஊசி போட்டுக்கறேன்’ என்பதும் வேண்டாம். உள்ளே போகும் மருந்து ஒன்றேதான். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. 500 அல்லது 650 மில்லிகிராம், ஒரு நாளில் மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல். இதய டாக்டர் எழுதிக் கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வேறு கதை. அதில் கை வைக்காதீர்கள்.

அப்போ தூக்கமும் தள்ளாட்டமும்? பாத எரிச்சலுக்காக அவர் சாப்பிட்டுவந்த ப்ரீகாபாலின்தான் காரணம். இந்த மருந்து கிட்னி வழியாக மட்டுமே வெளியேறும். வடிகட்டுவது குறைந்தால் நேற்றைய மருந்து போவதற்குள் இன்றையது வந்து சேரும். நாளுக்கு 300 மில்லிகிராம் எடுப்பவருக்கு, திறன் 60-க்குக் கீழே போனால் 150 போதும். 30-க்குக் கீழே போனால் 75. அவரோ 36-லும் 300, இப்போது 22-லும் 300! பெரியவர்களுக்குத் திடீர்த் தூக்கம், குழறல், கை கால் வெடுக்கென்று துள்ளுவது இருந்தால், வயசைக் குறை சொல்லுமுன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தினம் 2000 மில்லிகிராம். 45-க்குக் கீழே வந்தால் பாதியாக, அதாவது 1000-ஆகக் குறைப்பார்கள். 30-க்குக் கீழே அறவே நிறுத்துவார்கள். தேங்கினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. வாந்தி, பேதி வந்து எதுவும் இறங்காத நாளில் இதையும் லோசார்டானையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், பல வீடுகளில் சந்தோஷப்படுவார்கள்: ‘சுகர் தானாவே குறைஞ்சிட்டு வருது!’ கிட்னி சோர்ந்தால் இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் தங்கும். கிளிபென்கிளமைடு மாத்திரை என்றால் இன்னும் மோசம், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி மயக்கமே வரலாம். அதனால் கிட்னி நோயாளிகளுக்கு அதைத் தவிர்ப்பார்கள். அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது.

எல்லா மாத்திரையையும் குறைக்கணும் என்றும் இல்லை. கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாடின் ஈரல் வழியாகப் போகிறது. அதே அளவு தொடரலாம்.

அந்த அம்மாவுக்கு டைக்ளோஃபெனாக் நின்றது, மெட்ஃபார்மினும் நின்றது, ப்ரீகாபாலின் 75 ஆனது. இரண்டே வாரத்தில் தள்ளாட்டம் போய், கிரியாட்டினின் 1.7-க்கு இறங்கியது. இப்போது மெட்ஃபார்மின் காலை 500, இரவு 500. மருந்துச் சீட்டின் மேல் ஓரத்தில் மகன் சிவப்புப் பேனாவால் கிரியாட்டினின் அளவைத் தேதியோடு எழுதிவைத்திருக்கிறார். மெடிக்கல் ஷாப்பானாலும் பல் டாக்டரானாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார்.