ஆறாத வலியும் அளந்த உழைப்பும்

பத்தாம் வகுப்பில் அனிச்சைச் செயலை நடத்தும்போது நாம் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் சொல்கிறோம். சூடான பாத்திரத்தில் கை படுகிறது. உணர்ச்சி நியூரான் செய்தியைத் தண்டுவடத்திற்குக் கொண்டு செல்கிறது. கை சட்டென்று விலகுகிறது. வலி என்றால் எங்கோ காயம், காயம் ஆறினால் வலியும் போய்விடும் என்ற எண்ணம் மாணவர்களுக்கும் நமக்கும் இதிலிருந்தே பதிந்துவிடுகிறது. என் முதுகுவலி அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வைத்தது.

ஒரு ஜூன் மாதம் பாடநூல் கட்டுகளை இறக்கி வைத்தபோது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நவம்பர் வந்தும் வலி போகவில்லை. வலி குறைந்த நாளில் ஏழு பாடவேளையும் நின்றே நடத்துவேன். மாலையில் நிலுவையில் உள்ள நோட்டுகளையும் திருத்தி முடிப்பேன். மறுநாள் எழ முடியாது. இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் படுத்திருப்பேன். சற்றுக் குறைந்ததும் மீண்டும் அதே ஓட்டம். இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் என்னால் தாங்க முடிந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஸ்கேன் சொன்னதும் சொல்லாததும்

ஸ்கேனில் ஒரு டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதாக வந்தது. பயந்துபோனேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வலியே இல்லாத நாற்பது வயதினரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படித் தெரியுமாம். தசையும் தசைநாரும் பொதுவாகச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்திற்குள் ஆறிவிடுகின்றன. அதற்கு மேலும் நீடிக்கும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். “உங்கள் முதுகு பெரும்பாலும் ஆறிவிட்டது. அபாய மணிதான் இன்னும் அடங்கவில்லை” என்றார்.

“அப்படியானால் வலி என் கற்பனையா, டாக்டர்?” என்று கேட்டேன். “இல்லை, வலி உண்மைதான். அது பிறக்கும் இடம்தான் மாறியிருக்கிறது” என்றார்.

தண்டுவடத்தில் என்ன நடக்கிறது?

காயத்திலிருந்து வரும் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் அடுத்த நியூரானுக்குக் கைமாறுகிறது. அந்த இடத்தில் வானொலியின் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதுபோலச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒரே செய்தி வாரக்கணக்கில் வந்து தட்டிக்கொண்டே இருந்தால் அந்த இரண்டாவது நியூரான் கூர்மையடைந்துவிடுகிறது. முன்பு பெரிய தூண்டலுக்கு மட்டும் கிளர்ந்தது, இப்போது சிறிய தூண்டலுக்கே கிளர்கிறது. தொடுதல், அழுத்தம் போன்ற சாதாரணச் செய்திகளும் வலியாக மேலே போகின்றன.

1983இல் கிளிஃபோர்டு வுல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளில் இதைக் காட்டினார். காயம்பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்த பிறகும் தண்டுவடத்தின் கூர்மை முழுமையாக அடங்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் வலிச் செய்தியைத் தணிக்கின்றன. தூக்கம் கெட்டாலும், ‘முதுகு உடைந்துவிடுமோ’ என்ற அச்சம் தொடர்ந்தாலும் இந்தத் தணிப்பு பலவீனமாகிறது. என் வலி இரவு விழித்த மறுநாள் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஆகவே நாள்பட்ட வலியில், வலியின் அளவைக் கொண்டு காயத்தின் அளவைக் கணிக்க முடியாது. வலி வரும்வரை வேலை செய்வது, வந்ததும் படுத்துவிடுவது என்ற முறை மணியை மேலும் கூர்மையாக்குகிறது. முழு ஓய்வும் உதவாது. தசை தளர்ந்து, அடுத்த முறை இன்னும் சிறிய வேலைக்கே மணி அடிக்கும்.

அளவிட்டு உழைக்கும் முறை

இயன்முறை மருத்துவர் எனக்குக் கொடுத்த வழி எளிமையானது. எதை எவ்வளவு நேரம் செய்வது என்பதை வலி தீர்மானிக்கக் கூடாது. கடிகாரம் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் நிற்கும் நேரத்தை எடுத்துக்கொண்டோம். மூன்று நாள்கள், வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று குறித்தேன்: 18, 12, 15. சராசரி 15 நிமிடம். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 நிமிடம், என் தொடக்க அளவு. வலி மிகுந்த நாளிலும் செய்ய முடிகிற அளவாக அது இருக்க வேண்டும் என்பதே குறைப்பதற்கான காரணம்.

பிறகு 12 நிமிடம் நின்று நடத்தினேன். உடனே மூன்று நிமிடம் உட்கார்ந்தேன். வலி இல்லாவிட்டாலும் உட்கார வேண்டும். இதுதான் விதியின் கடினமான பகுதி. பாடத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டேன். கரும்பலகையில் விளக்கம் முடிந்ததும் குழுச் செயல்பாடு, வாசிப்பு, வினா எழுதுதல். தரையில் அமர்ந்து கற்பிக்கும் தொடக்கநிலை ஆசிரியர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம்; உட்காரும் நேரத்தை அளந்து, இடையிடையே எழுந்து நடக்கலாம்.

வாரத்திற்கு ஒரு நிமிடம் கூட்டினேன். கூட்டியது சரிதானா என்பதை மறுநாள் சொல்லிவிடும். லேசான வலி வந்து, ஒரு நாளில் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. இரண்டாம் நாளும் வலி ஏறியே இருந்தால் அடி பெரிதாகிவிட்டது. முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பத்து வாரத்தில் 22 நிமிடத்தை எட்டினேன்.

சறுக்கிய இடங்கள்

நான் இரண்டு முறை சறுக்கினேன். முதலாவது, நல்ல நாளில். ‘இன்று வலியே இல்லையே’ என்று 40 நிமிடம் நின்றேன். அடுத்த மூன்று நாள் வீணானது. இரண்டாவது, விடைத்தாள் திருத்தும் முகாமில். நான்கு நாள் தொடர்ந்து உட்கார்ந்ததில் வலி பழையபடி எழுந்தது. இம்முறை விடுப்பு எடுத்துப் படுக்கவில்லை. 22இலிருந்து 17 நிமிடத்திற்கு இறங்கி மீண்டும் ஏறினேன். மூன்றே வாரத்தில் பழைய அளவு வந்தது. அடுத்த ஆண்டு முகாமில் ஒவ்வொரு ஐந்து விடைத்தாளுக்கும் ஒருமுறை எழுந்து நின்றேன்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. இது வலியை ஒழிக்கும் மருந்தன்று. வலி இருக்கும்போதே செய்யக்கூடியதைப் பெருக்கும் வழி. எனக்கு இன்றும் சில மாலைகளில் வலிக்கிறது. ஆனால் வலிக்காக விடுப்பு எடுத்து ஓராண்டுக்கு மேலாகிறது.

மருத்துவரைப் பார்த்துப் பிற காரணங்களை விலக்கிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். முதுகுவலியுடன் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது போன்றவை இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

ஆசிரியர் அறையில் ஒன்றைக் கேட்டிருக்கிறேன்: “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம், அப்புறம் எதுக்கு நாற்காலி கேக்கறாரு?” அனிச்சைச் செயல் பாடத்தில் தண்டுவடத்தின் படத்தை வரையும்போது இப்போதெல்லாம் நான் ஒரு வரி சேர்த்துச் சொல்கிறேன்: செய்தி கைமாறும் இந்த இடத்தில் வலி கூடவும் செய்யும், குறையவும் செய்யும், ஸ்கேனில் அது தெரியாது.