தலைகீழாக நின்ற வேடன்

2025-ஆம் ஆண்டு மகா சிவராத்திரியன்று, இருதயாலீசுவரர் கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில், திருநின்றவூர் ஏரிக்கரையில் இரண்டு செங்கற்களுக்கிடையே கைப்பேசியை ஏறக்குறைய மல்லாத்தி வைத்து, பத்து விநாடி வெளிச்சம் வாங்கும்படி நான் எடுத்த ஆகாயப் படத்தில் நட்சத்திரக் கூட்டங்களைச் சரியாக அடையாளம் காண எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அந்த மூன்று இரவுகளையும் விழுங்கியது ஒரே ஒரு பிழைதான்.

நான் குருவாக மதித்த ஒருவர், "படத்தில் எது மிகப் பிரகாசமோ அதுவே சிரியஸ், அங்கிருந்து தொடங்குங்கள்" என்று அறுதியிட்டுச் சொல்லியிருந்தார். அவ்வாறே தொடங்கினேன். அங்கிருந்து ஒரு கோடு இழுத்தபோது ஓரியனின் இடைக்கச்சையான மூன்று நட்சத்திரங்கள் வந்தன. அதே திசையில் இன்னும் போனால் மற்றொரு பிரகாசமான புள்ளி. அதையே ரோகிணி என்று குறித்துக்கொண்டேன். எல்லாம் பொருந்திற்று.

உண்மையில் நான் சிரியஸ் என்று கொண்டது, அந்தப் பருவத்தில் ரோகிணிக்கு வடக்கே ஐந்து பாகை தூரத்தில் நின்ற வியாழன். ரோகிணி என்று கொண்டதே சிரியஸ்! கச்சைக்கு ஒருபுறம் ரோகிணியும் மறுபுறம் சிரியஸும் ஏறக்குறைய சமதூரத்தில் இருப்பதாலும், ஓரியனின் நான்கு மூலைகளும் தலைகீழாகத் திருப்பினாலும் அதே வடிவாகத் தோன்றுவதாலும், மேல் கீழ் தெரியாத படத்தில் இந்த மயக்கம் நேர்ந்துவிடுகிறது.

சந்தேகம் கொள்ள வேண்டிய இடங்கள் இல்லாமலில்லை. கச்சையின் நீளத்தை ஓர் அலகாக வைத்து அளந்தால் சிரியஸ் எட்டு மடங்குக்குச் சற்று மேலான தூரத்தில் இருக்க வேண்டும். எனக்குப் பத்து வந்தது. லென்சின் ஓரத்தில் தூரம் நீளும் என்பது மெய்யாதலால் அதன்மேல் பழியைப் போட்டேன். செம்மையாக இருக்க வேண்டிய திருவாதிரை நீலம் கலந்த வெண்மையாக இருந்தது. கைப்பேசி நிறத்தைக் கெடுத்துவிட்டது என்றேன். ரோகிணிக்கு அப்பால் இருக்க வேண்டிய கார்த்திகைக் கொத்தைக் காணோம். சென்னையின் ஒளிமூட்டம் என்றேன்.

மூன்றாம் இரவு, கச்சையிலிருந்து தொங்கும் வாள் போன்ற மங்கலான வரிசை, நான் தலை என்று குறித்திருந்த பக்கம் நோக்கியிருப்பதைக் கண்டபோதுதான் படத்தைத் திருப்பினேன். செந்நிறத் திருவாதிரை தன் தோளில் வந்து அமர்ந்தது. வியாழனுக்கருகே, சிறு முக்கோண முனைபோல் விரிந்த கூட்டத்தின் ஓரத்தில் ரோகிணி. அதற்கும் அப்பால், கச்சையின் நேர்கோட்டிலிருந்து சற்றே விலகி, கார்த்திகை.

ஆதலால் நீங்களும் ஏரிக்கரைக்குப் போய் இப்படி ஒரு படம் எடுத்து வந்தால், பிரகாசத்தை நம்பாதீர்கள். கிரகங்கள் இடம் மாறுபவை, படத்திலோ ஒளி மிகுந்த புள்ளிகள் எல்லாம் ஒரே வெள்ளையாக உப்பிவிடும். கச்சையைப் பிடியுங்கள், வாளைப் பார்த்துக் கால் பக்கத்தை நிச்சயியுங்கள், அதன்பின் கோடு இழுங்கள். என் குருவிடம் இதைச் சொன்னேன். வியாழனைப் பற்றித் தாம் ஒருபோதும் மறுத்ததில்லை என்றார். எச்சரித்ததும் இல்லையே என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.